சார்ட்டை ஏன் மாற்றினோம் என்று மெயிலில் எழுதுவது எப்படி?

ஒரே சார்ட்டில் இடப்பக்கம் விற்பனை (லட்சத்தில்), வலப்பக்கம் ரிட்டர்ன் சதவீதம். ஏப்ரலில் 40 லட்சம், 3%. செப்டம்பரில் 52 லட்சம், 5%. கோடுகள் ஜூன் அருகே வெட்டிக்கொண்டதைப் பார்த்து, "ஜூனில் என்ன ஆச்சு?" என்று உடன் வேலை பார்ப்பவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை. சார்ட்டைப் பிரித்துவிட்டேன். அதை அவருக்கு எப்படி எழுதினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

1. பதிலை சப்ஜெக்டிலேயே சொல்லிவிடுங்கள். "சார்ட் அப்டேட்" என்று போட்டால் எண்களும் மாறிவிட்டதாக நினைப்பார்கள். "விற்பனை சார்ட் இரண்டாகப் பிரிப்பு, எண்கள் மாறவில்லை" என்று போடுங்கள்.

2. அவர் கேட்ட கேள்வியை அவர் வார்த்தையிலேயே முதல் வரியில் வையுங்கள்.

3. காரணத்தைக் காட்டுங்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். "தெளிவுக்காக மாற்றினேன்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எக்ஸலில் பழைய சார்ட்டின் வலப்பக்க அச்சை டபுள் கிளிக் செய்து, `Maximum` மதிப்பை 0.05-இலிருந்து 0.1 ஆக்குங்கள், அதாவது 5%-இலிருந்து 10%. இடப்பக்கம் 0–60 அப்படியே இருக்கட்டும். ரிட்டர்ன் கோடு கீழே இறங்கிவிடும், வெட்டும் இடமே இருக்காது. அளவுகோலை மாற்றியதும் காணாமல் போகிற சந்திப்புக்கு வியாபாரத்தில் எந்த அர்த்தமும் இல்லை. இரண்டு படங்களையும் மெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

4. புதியதில் எது கிடைக்காது என்றும் எழுதுங்கள். நான் அனுப்பியது:

> வணக்கம் மேடம்,
> "ஜூனில் என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தீர்கள். கோடுகள் வெட்டியது வலப்பக்க அச்சு 5%-இல் முடிந்ததால்தான். 10% வரை நீட்டினால் வெட்டுவதில்லை, படம் இணைத்துள்ளேன். அதனால் விற்பனை மேலே, ரிட்டர்ன் கீழே என்று ஒரே மாத வரிசையில் பிரித்திருக்கிறேன். எண்கள் அதேதான். இரண்டுக்கும் உள்ள தொடர்பை இதில் நேரடியாகப் படிக்க முடியாது. அது வேண்டுமானால் ஸ்கேட்டர் சார்ட் போட்டுத் தருகிறேன். ரிட்டர்ன் 3%-இலிருந்து 5% ஆனது உண்மை, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சந்திப்பு பொய் என்றதும், ரிட்டர்ன் ஏறியதும் பொய் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டு அச்சுள்ள சார்ட்டை நான் இப்போது போடுவதே இல்லை. அலகு வேறென்றால் படமும் வேறு.

பின்சேர்க்கை: பிரித்த பிறகு மாதங்கள் மேலும் கீழும் நேராக நிற்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். "60"-க்கும் "5.0%"-க்கும் எழுத்து அகலம் வேறு, அதனால் எக்ஸல் உள்ளே கோடு வரையும் பகுதியை வேறு வேறு அகலத்தில் வைக்கிறது. அந்தப் பகுதியைக் கிளிக் செய்து இடது ஓரத்தை இழுத்து இரண்டையும் சமமாக்குங்கள். அப்புறம் இரண்டையும் `Group` செய்து ஒரே படமாக மெயிலில் ஒட்டினால் மொபைலிலும் கலையாது.