தோழியின் பிறந்தநாளுக்குப் போகாமல் விட்டு, அவளுக்கு எழுதும்போது

பெங்களூரில் "டிராஃபிக்டி" என்று மன்னிப்பு கேட்டால் எடுபடாது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வந்த மற்றவர்கள் கேக் வெட்டும்போது பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

போன மாதம் என் தோழியின் பிறந்தநாள். மல்லேஸ்வரத்தில் அவள் வீட்டில் ஏழரை மணிக்குக் கூடுவதாக ஏற்பாடு. ஒயிட்ஃபீல்டில் எனக்கு ஆபீஸ் வேலை முடியவே ஏழே கால் ஆகிவிட்டது. இனி எங்கே போவது என்று படுத்துவிட்டேன், ஒரு போன்கூடச் செய்யவில்லை. மறுநாள் காலை முதலில் எழுதியது முழுக்க வேலையைப் பற்றிய புலம்பல். படித்துப் பார்த்து அழித்தேன். அவளுக்கு வலித்தது நான் வராதது மட்டுமல்ல, சொல்லாமல் காக்க வைத்தது. அப்புறம் இப்படி அனுப்பினேன்:

"நேத்து நான் வரலை, வரலைன்னு சொல்லவும் இல்லை. நீ எனக்காகக் காத்திருந்திருப்பே. தப்பு என்னோடதுதான்டி, மன்னிச்சுடு. மெட்ரோ பிடிச்சு லேட்டாவாவது வந்திருக்கணும். ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வரட்டுமா? அன்னைக்குத் தோதுப்படலைன்னா நீயே நாள் சொல்லு."

"நீ வருத்தப்பட்டிருந்தா சாரி" என்று எழுத வேண்டாம், அது பழியை அவள் பக்கம் தள்ளும். குரூப்பிலும் போடாதீர்கள். எல்லோர் முன்னாலும் "பரவாயில்லை" என்று சொல்லியே ஆக வேண்டிய நிலை அவளுக்கு வந்துவிடும். தனியாக அனுப்புங்கள். நீல டிக் வந்தும் பதில் இல்லையென்றால், அன்றைக்கு இன்னொரு மெசேஜ் வேண்டாம். மறுநாள் சாயங்காலம் போன் செய்யுங்கள்.