ஸ்டிரிப், ஸ்டிராப்: சமநிலைப் புள்ளி எங்கே நகர்கிறது?

ஆப்ஷன் சந்தையில், பங்கை ஸ்டிரைக் எனும் குறித்த விலையில் வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். ஒரே ஸ்டிரைக்கில் ஒரு கால், ஒரு புட் வாங்குவது ஸ்டிராடில். விலை பெரிதாக அசையும், ஆனால் இறங்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைத்தால் ஸ்டிராடிலோடு இன்னொரு புட் சேருங்கள். ஒரு கால், இரண்டு புட், இதுதான் ஸ்டிரிப். ஏற்றத்தை எதிர்பார்த்தால் இரண்டு கால், ஒரு புட், அது ஸ்டிராப்.

பங்கு விலை 100, ஸ்டிரைக்கும் 100, கால், புட் இரண்டின் பிரீமியமும் தலா 4 என்று கொள்வோம். ஸ்டிராடிலின் செலவு 8. முதிர்வு நாளில் விலை 92க்குக் கீழோ 108க்கு மேலோ போனால்தான் லாபம். ஸ்டிரிப்பின் செலவு 12. ஆனால் இறங்கும்போது இரண்டு புட்டும் சேர்ந்து சம்பாதிப்பதால், 12ஐ இரண்டால் வகுக்க வேண்டும். கீழ்ச் சமநிலை 94. கூடுதலாகச் செலவழித்தும் அந்தப் புள்ளி அருகில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கான விலை மேல்பக்கத்தில் இருக்கிறது: அங்கே சமநிலை 112. ஸ்டிராப்புக்கு இது அப்படியே தலைகீழ்: 88, 106.

ஒப்பிடும்போது ஒரே தொகையை வைத்து ஒப்பிடுங்கள். 24க்கு மூன்று ஸ்டிராடில் அல்லது இரண்டு ஸ்டிரிப் கிடைக்கும். விலை 90 ஆனால் ஸ்டிராடில்கள் 6 லாபம் தரும், ஸ்டிரிப்கள் 16 தரும். 110 ஆனால் ஸ்டிராடில்களுக்கு அதே 6 லாபம், ஸ்டிரிப்களுக்கு 4 நட்டம்.

விலை 100லேயே நின்றுவிட்டால் இரண்டிலும் முழுத் தொகையும் போய்விடும். நிறுவனத்தின் நிதி முடிவு அறிவிப்புக்கு முன்பு பிரீமியம் ஏற்கெனவே வீங்கியிருந்தால், அறிவிப்பு வந்ததும் அது சுருங்கும். விலை நீங்கள் நினைத்த திசையில் போனாலும் நட்டம் வரலாம்.