ஒரே வரியாகச் சுருக்கும்போது முதலில் தொலைவது

எழுதப் பழகும் சிலரிடம் அண்மையில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரே வரியாகச் சுருக்கச் சொன்னேன். நான் பல வருடம் முன்பு செய்த அதே தவறை எல்லாரும் செய்திருந்தார்கள். வரி நீளம், எழுத்துப்பிழை எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இது அப்படியல்ல.

‘ஆனால்’ என்ற திருப்பத்தை வெட்டிவிடுவது

நான் கொடுத்த பத்தி இது: “தினமும் ஓடுவதென்று முடிவெடுக்கிறோம். 12 நாள் ஓடுகிறோம். 13ஆம் நாள் மழை, ஓடவில்லை. அந்த ஒரு நாளால் எதுவும் கெடாது. ஆனால் எல்லாம் போச்சு என்று நினைத்து 14ஆம் நாளும் படுத்துவிடுகிறோம். பழக்கம் முறிவது அன்றைக்குத்தான்.”

வந்த வரி: “விடாமல் முயன்றால் வெற்றி நிச்சயம்.”

பத்தி ஒரு நாள் விட்டவருக்கு ஆறுதல் சொல்கிறது. வரியோ அவரைக் குற்றவாளியாக்குகிறது. இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். களைத்தால் உட்காருங்கள், ஆனால் எழும் நேரத்தை முடிவு செய்துவிட்டு உட்காருங்கள் என்று ஒருவர் பேசியதை, “ஓய்வறியா உழைப்பே உயர்வு” என்று சுருக்கிப் பதாகையில் அச்சடித்தவன் நான். “நான் உட்காரத்தானே சொன்னேன்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதாகையைக் கழற்றினோம்.

அதனால் முதலில் பத்தி எங்கே திரும்புகிறது என்று தேடுங்கள். ‘ஆனால்’ என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த இடம் இருக்கும். அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் வரியில் வரவேண்டும். மழை, 12 நாள், ஓட்டம் எல்லாம் போகலாம்.

அப்படிச் சுருக்கியபோது எனக்கு முதலில் வந்தது: “ஒரு நாள் விட்டால் கெடாது, மறுநாளும் விட்டால்தான் கெடும்.” கச்சிதமாக இருந்தது. ஆனால் படித்த ஒருவர், “மாத்திரை போடுவதைப் பற்றியா?” என்றார். எது கெடும் என்பதையே வெட்டியிருக்கிறேன். சரி, ஒரு சொல் கூடினாலும் பரவாயில்லை என்று இப்படி மாற்றினேன்:

“ஒரு நாள் விட்டால் பழக்கம் போகாது, மறுநாளும் விட்டால்தான் போகும்.”

இதில் ‘மறுநாளும்’ என்பதன் ‘உம்’, தொடர்ந்து இரண்டு நாள் என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘தான்’ பழியை முதல் நாளிடமிருந்து எடுத்து இரண்டாம் நாள்மேல் வைக்கிறது. சுருக்கும்போது இப்படிப்பட்ட ஓரசை ஒட்டுகளைத் தொடாதீர்கள்.

பத்தியில் இல்லாத பெரிய சொல்

வெற்றி, கனவு, சிகரம். வேண்டாம்.

எதுகையில் தொடங்குவது

பொருள் நின்றபின் ஓசை பாருங்கள்.

இரண்டு திருப்பத்தை ஒரு வரியில் அடைப்பது

முடியாது. ஒன்றை விடுங்கள், அல்லது இரண்டு வரி எழுதுங்கள்.

பத்தி படித்தவரிடமே காட்டுவது

அவர் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்வார். பத்தியைப் பார்க்காதவரிடம் வரியை மட்டும் கொடுத்து, “இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். என் வரியைப் படித்த ஒரு பெண், “இன்றைக்கு முடியவில்லை என்றால் விட்டுவிடுவேன், நாளைக்குக் கட்டாயம் போவேன்” என்றார். அப்புறம்தான் அந்த வரியில் கைவைப்பதை நிறுத்தினேன்.