மூன்றாம் நாளே ஐஎன்ஆர் 2 வந்தால் ஹெப்பாரின் பம்பை நிறுத்தலாமா?

இடது கால் வீங்கி, ஆழ்சிரை ரத்த உறைவு என்று உறுதியாகி, எங்கள் மருத்துவ வார்டுக்கு ஒரு அம்மா வந்தார். வயது 46, எடை 60 கிலோ. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர், காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை எழ மாட்டார். முதல் நாளே ஹெப்பாரின் பம்பும் வார்ஃபரின் 5 மில்லிகிராம் மாத்திரையும் சேர்த்தே தொடங்கினார்கள். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து ஓடுகிற சில நாட்களில்தான் செவிலியர் பணியில் அதிகத் தவறுகள் நடக்கின்றன. சென்னை வார்டுகளில் பதினைந்து வருடமாக நான் பார்த்தது இது.

ஹெப்பாரின் நரம்பு வழியே போனதுமே வேலை செய்யும். ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டித்ராம்பினுக்குப் பலம் கொடுத்து உறைதலைத் தடுக்கும். நிறுத்தினால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். அதை அளக்க ஏபிடிடி. வார்ஃபரின் அப்படி இல்லை. ஈரலில் வைட்டமின் கே உதவியோடு உருவாகும் 2, 7, 9, 10 என்ற உறைதல் காரணிகளை இனிமேல் சரியாக உருவாகவிடாமல் தடுக்கும். அதை அளக்க ஐஎன்ஆர். அளவு மிஞ்சினால் ஹெப்பாரினுக்கு முறிவு மருந்து புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. இதை எல்லோரும் பரீட்சைக்குப் படித்திருப்போம். தவறு வருவது வேறு இடத்தில்.

முதல் தவறு ரத்தம் எடுக்கும் கையில். பம்ப் தொடங்கி ஆறு மணி நேரம் கழித்து இந்த அம்மாவுக்கு ஏபிடிடி அனுப்பினோம். கன்ட்ரோல் 30 விநாடி. அதைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்குக்குள், அதாவது 45 முதல் 75க்குள், வர வேண்டும். ரிப்போர்ட் 140 என்று வந்தது. பம்பை நிறுத்தச் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம். ஈறில் கசிவு இல்லை, கேனுலா இடத்தில் ரத்தம் ஊறவில்லை, சிறுநீர் தெளிவாக இருந்தது. யார் ரத்தம் எடுத்தது என்று விசாரித்தால், ஹெப்பாரின் ஓடும் அதே இடது கையில், கேனுலாவுக்குக் கொஞ்சம் மேலே எடுத்திருக்கிறார்கள். ஹெப்பாரின் கலந்த ரத்தத்தை அனுப்பிவிட்டு, நோயாளிக்கு மருந்து அதிகமாகிவிட்டது என்று பயந்திருக்கிறோம். வலது கையில் மறுபடி எடுத்தோம். வெளிர் நீல மூடி சிட்ரேட் குழாயில் கோடு வரை நிரப்பி, குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினோம். 62 வந்தது. இடையில் ஐம்பது நிமிடம் அவருக்கு மருந்து போகவில்லை. கால் சிரையில் உறைவு உள்ள ஒருவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. குழாய் கோடு வரை நிரம்பாவிட்டாலும் இதே மாதிரி பொய்யாக நேரம் கூடிக் காட்டும், ஐஎன்ஆருக்கும் அப்படித்தான்.

அடுத்தது பெரிய தவறு, நானே செய்ய இருந்தது. மூன்றாம் நாள் காலை ஐஎன்ஆர் 2.1. இலக்கு 2 முதல் 3. “அளவுக்கு வந்துவிட்டது, ஹெப்பாரினை நிறுத்திவிடலாம்” என்று போனில் சொன்னார் டியூட்டி டாக்டர். எனக்கும் சரி என்றுதான் பட்டது. பம்பில் கை வைத்தபோது பக்கத்தில் இருந்த சீனியர் சிஸ்டர், “இன்னைக்கு எத்தனாவது நாள்மா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இது. மோட்டாரை நிறுத்தினால் மாடித் தொட்டி உடனே காலியாவதில்லை, குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். வார்ஃபரின் நிறுத்துவது மோட்டாரை. தொட்டிகளோ ஒரே அளவில் இல்லை. 7ஆம் காரணி சின்னத் தொட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகும். ஐஎன்ஆர் முதலில் ஏறுவது பெரும்பாலும் அது வற்றியதால்தான். உறைவை உண்மையில் கட்டிப்போட வேண்டுமானால் 2ஆம் காரணியான புரோத்ராம்பின் குறைய வேண்டும். அது பாதியாகவே இரண்டரை, மூன்று நாள் ஆகும். இதற்கு நடுவில் இன்னொன்றும் நடக்கிறது. உறைதலை இயற்கையாகவே தடுக்கும் புரோட்டீன் சியும் வைட்டமின் கே சார்ந்ததுதான், அதுவும் சீக்கிரமே வற்றிவிடும். அதனால் முதல் சில நாள் வார்ஃபரினை மட்டும் நம்பி விட்டால் உறைவு வளரவே வாய்ப்பு கூடுகிறது. ரிப்போர்ட்டில் 2.1 என்று இருக்கும், கால் மறுபடி வீங்கும்.

அதனால் விதி இரண்டு பகுதி கொண்டது: குறைந்தது ஐந்து நாள் இரண்டும் சேர்ந்து போக வேண்டும், ஐஎன்ஆர் 2க்குக் குறையாமல் 24 மணி நேரமாவது நிற்க வேண்டும். பம்புக்குப் பதிலாக வயிற்றில் போடும் எனாக்ஸபரின் ஊசியானாலும் இதேதான், ஏபிடிடி மட்டும் தேவையில்லை. டாக்டரிடம் நாளைச் சொன்னேன், அவரும் சரி, தொடரலாம் என்றார். நான்காம் நாள் ஐஎன்ஆர் 1.9 ஆக இறங்கியது. ஐந்தாம் நாள் 2.3, ஆறாம் நாள் 2.5. ஆறாம் நாள்தான் பம்பைக் கழற்றினோம். இந்த நாட்களில் தட்டணுக்களையும் பார்த்து வாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் அது ஹெப்பாரினே உண்டாக்கும் ஆபத்தாக இருக்கலாம், உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம் வீட்டுக்கு அனுப்பும் நாள். இங்கே நம் தவறு, சொல்லி முடித்ததோடு திருப்தி அடைவது. “கீரை சாப்பிடாதீங்க” என்று ஒரு வரியில் முடிக்கிறோம். அவர் வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ சாப்பிடுகிறவர், அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் மாத்திரை அளவு சரியாகியிருக்கிறது. திடீரென நிறுத்தினால் ஐஎன்ஆர் ஏறும், பிறகு ஆசைக்கு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டால் இறங்கும். எப்போதும் சாப்பிடும் அளவிலேயே சாப்பிடுங்கள், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதுதான் சரியான பேச்சு. மாத்திரையை நிறத்தால் அடையாளம் சொல்லித் தருவதும் தவறு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். மாத்திரை அட்டையில் உள்ள மில்லிகிராமைக் காட்டிச் சொல்லுங்கள்.

நான் எல்லாம் சொல்லி முடித்து, அவரையே திருப்பிக் கேட்டேன். “அம்மா, காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தா என்ன பண்ணுவீங்க?” அவர் தயங்காமல், “தெருமுனை கிளினிக்ல ஒரு ஊசி போட்டா விட்டுடும் சிஸ்டர்” என்றார். எவ்வளவு சொல்லியும் இதை நான் சொல்லவே இல்லை! வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டும், அந்த மருந்தே இரைப்பையிலும் ரத்தக் கசிவைத் தூண்டும். பேதிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை வேகமாக ஏற்றும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் நாள் கணக்கில் தொடரக் கூடாது.

மறுபடி உட்கார்ந்து பேசினோம். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் ஐஎன்ஆர் அட்டையைக் காட்ட வேண்டும். ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்தபோது போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மலம் தார் போல் கறுத்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே வர வேண்டும். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

திரும்ப அதே கேள்வியைக் கேட்டேன். “அட்டையக் காட்டுவேன், ஊசி வேணாம்னு சொல்வேன்” என்றார். ஐஎன்ஆர் அட்டையைப் பூக்கூடையில் வைத்தால் நனைந்துவிடுமே என்று அவரே யோசித்து, பிளாஸ்டிக் உறை ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பரிசோதனைக்கு அந்த உறையோடுதான் வந்தார், ஐஎன்ஆர் 2.6.