சூளைக்கு முன்னால் பத்து சென்டிமீட்டர் கோடு

தர்மபுரிப் பக்கம் ஏரி மண்ணைச் செங்கல்லுக்கோ பானைக்கோ எடுக்கும் முன், சின்னதாக ஒரு சோதனை செய்து பாருங்கள். மேல்மண்ணை ஒரு அடி ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து எடுங்கள். நன்றாக மிதித்துப் பிசைந்து, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு ராத்திரி விடுங்கள்.

காலையில் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிக்காமல் வளைந்தால் பானைக்கு ஆகும். லேசாகக் கீறல் விட்டால் செங்கல்லுக்குப் போதும். உருட்டும்போதே உதிர்ந்தால் மணல் அதிகம்.

அப்புறம் அதே மண்ணில் ஒரு பட்டை தட்டி, கத்தியால் சரியாக 10 செ.மீ. கோடு கீறி, நிழலில் காயவிடுங்கள். கோடு 9.3 ஆனால் சுருக்கம் 7 சதவீதம், செங்கல்லுக்குப் பயமில்லை. 8.9 என்று வந்தால் 11 சதவீதம், கல் காயும்போதே பிளக்கும். நாலு கூடை மண்ணுக்கு ஒரு கூடை மணல் கலந்து மறுபடி கீறிப் பாருங்கள். மணல் கூடினால் சுருக்கம் குறையும், ஆனால் பிடிப்பும் குறையும். அதனால் பானை மண்ணில் அளவோடுதான் சேர்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் பக்கம் இதைவிடப் பெரிய ஆபத்து மண்ணில் கிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள்தான். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். சூட்டில் அவை சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் உப்பி, செங்கல்லைப் பெயர்த்துவிடும். அதனால் பட்டையைச் சூளையில் சுட்டபின் தண்ணீரில் நனைத்து ஒரு வாரம் வையுங்கள். வெள்ளைப் புள்ளியைச் சுற்றிச் சில்லு பெயர்ந்தால், மண்ணைச் சலிக்காமல் அறுக்காதீர்கள்.