ஷீட் சுவரில் முட்டும் இடம்: கலவையால் அடைக்காதீர்கள்

போன மாதம் ஒரு வேலையிடத்துக்குப் போயிருந்தேன். கலர் ஷீட் போட்டு முடித்திருந்தார்கள். ஷீட்டின் மேல் முனை சுவரில் முட்டும் இடத்தில் இருந்த பள்ளங்களை இரண்டு பையன்கள் சிமெண்ட் கலவையால் அடைத்து, கரணையால் வழுவழுவென்று இழைத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. 18 வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வேலையை இதே அழகோடு செய்து, பிறகு மொத்தத்தையும் பிரித்துப் போட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்க்ரூவைக் கோணலாக அடிப்பது, ஓவர்லாப்பைக் காற்று வரும் பக்கம் திறந்து வைப்பது எல்லாம் முதல் மழையிலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போவது, தெரிய வருவதற்கே நாலைந்து வருஷம் ஆகிற தவறு.

இடைவெளி சின்னது என்று நினைப்பது

சுவரும் ஷீட்டும் சேரும் இடத்தை மேலிருந்து மூடும் ஃபிளாஷிங் தகடு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். தகடு தட்டையானது. ஷீட்டோ மேடும் பள்ளமுமாக இருக்கிறது. தகடு மேடுகளின் மேல்தான் உட்காரும், ஒவ்வொரு பள்ளமும் அதன் அடியில் திறந்தே கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டின் உயரம் 28 மி.மீ., மேட்டுக்கு மேடு 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு பள்ளத்தின் வாய் சுமார் 43 சதுர செ.மீ. வரும். 20 அடி அகலத்துக்கு 30 பள்ளம். மொத்தம் கிட்டத்தட்ட 1.4 சதுர அடி. சுவர் உச்சியில் ஒரு சின்ன ஜன்னலைக் கதவில்லாமல் விட்டதற்குச் சமம். குளவி கூடு கட்டுவதும், ஆடிக் காற்றில் புழுதி கொட்டுவதும் இந்த வழியாகத்தான். ஐப்பசி மழையில் காற்று எதிரே அடித்தால், கீழே ஓட வேண்டிய தண்ணீர் பள்ளத்தில் மேல்நோக்கி ஏறி சுவரோரம் உள்ளே இறங்கும்.

கலவை போட்டு அடைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

பல்லடம் பக்கம் ஒரு தறிக் கொட்டகை. பழைய கட்டடத்தின் சுவரை ஒட்டி 20 அடி அகலம், 18 அடி நீளத்தில் ஒரு சாய்ப்பு இறக்கினோம். நூலில் தூசி படியக் கூடாது என்பது மட்டும்தான் உரிமையாளர் கேட்டது. நான் ஃபிளாஷிங் போடுவதற்கு முன் எல்லாப் பள்ளத்தையும் கலவையால் அடைத்தேன். முதல் மழைக்காலம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இரண்டாம் வருஷம் சுவரில் லேசான ஈரக்கறை வந்தது. பூச்சு சரியில்லை என்று சொல்லி மேலே இன்னும் கொஞ்சம் கலவை வைத்துவிட்டு வந்தேன். நாலாம் வருஷம் உரிமையாளர் கூப்பிட்டார். ஏணியில் ஏறி, உட்பக்கத்திலிருந்து ஷீட்டின் மேல் முனையை ஸ்க்ரூடிரைவரால் தொட்டேன். அது அட்டையைக் குத்துவதுபோல உள்ளே போய்விட்டது.

காரணம் இரண்டு. ஒன்று, ஷீட் சும்மா இருப்பதில்லை. விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கும் ஷீட் உச்சி வெயிலில் 65 டிகிரிக்குப் போகும். 18 அடி இரும்பு ஷீட் அந்தச் சூட்டில் இரண்டரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நீளப் பார்க்கும். ஸ்க்ரூக்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், மீதி முனைகளில் தெரியும். கலவையால் அப்படி அசைய முடியாது. ஷீட்டை விட்டுப் பிரிந்து மயிரிழை விரிசல் விடும். தண்ணீருக்கு அதுவே போதும்.

இரண்டாவது, உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. கலவை அதை உறிஞ்சி நாட்கணக்கில் வைத்திருக்கும். ஈரச் சிமெண்டில் காரம் அதிகம். துத்தநாகம், அலுமினியம் இரண்டையுமே அது அரிக்கும், ஷீட்டைக் காப்பாற்றுகிற பூச்சோ துத்தநாகத்தால் அல்லது அந்த இரண்டும் கலந்து ஆனது. மேலே பெயிண்ட் இருக்கிறதே என்பீர்கள். வெட்டிய முனையிலும் கரணை கீறிய இடத்திலும் பெயிண்ட் ஏது? துரு அங்கே தொடங்கி, கலவைக்கு அடியிலேயே பரவும். கீழிருந்து கண்ணுக்குத் தெரியும்போது ஷீட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். மேல் முனையை வெட்டி எறிந்தால் நீளம் பத்தாது, அதனால் அத்தனை ஷீட்டையும் மாற்றினோம். மூன்று நாள் தறி நின்றது. அந்த நஷ்டம் என்னால் வந்தது.

இப்போது நான் செய்கிற முறை இது. ஷீட்டைச் சுவரில் முட்டவிடாமல் 20 முதல் 25 மி.மீ. தள்ளி நிறுத்துகிறேன். ஒவ்வொரு பள்ளத்தின் முனையையும் பிளையரால் மேல்நோக்கி மடக்கிவிடுகிறேன், ஏறி வரும் தண்ணீருக்கு அதுதான் கடைசித் தடுப்பு. அப்புறம் ஷீட்டின் மேல் குறுக்காக, ஒட்டும் ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப் ஒரு வரிசை, அதன் மேல் ஷீட்டின் வடிவத்திலேயே வெட்டிய ஃபோம் ஃபில்லர், ஃபில்லரின் தலையில் மறுபடி ஒரு வரிசை டேப். இதற்கு மேல்தான் தகடு. தகடு ஷீட்டின் மேல் 150 மி.மீ.யாவது இறங்க வேண்டும். ஃபோம் தகட்டின் விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும், வெயில் படாமல் நீண்ட நாள் உழைக்கும். ஸ்க்ரூவை மேட்டின் மேல் மட்டும் அடியுங்கள்.

தகட்டையும் ஒரே துண்டாகச் சுவரோடு இறுக்கிவிடாதீர்கள். கீழ்த் தகடு ஷீட்டோடு சேர்ந்து நகரட்டும். சுவரில் 25 மி.மீ. காடி வெட்டிச் செருகிய மேல் தகடு அதன் மேல் வெறுமனே படிந்திருக்கட்டும்.

டேப் இல்லாமல் ஃபோமை மட்டும் வைத்தால் பூச்சி நிற்கும், தூசியும் பெரும்பாலும் நிற்கும். மழை நிற்காது.

மேல் ஃபில்லர், கீழ் ஃபில்லர் குழப்பம்

ஷீட்டுக்கு மேலே, தகட்டுக்கு அடியில் வைப்பது பள்ளத்தை நிரப்பும். ஷீட்டுக்குக் கீழே, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான தாழ்வாரத்துப் பர்லின் மேல் வைப்பது மேட்டின் உள்ளே நிரம்பும். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ் வடிவம், ஆனால் மேடும் பள்ளமும் ஒரே அகலமில்லாததால் ஒன்றைத் திருப்பி வைத்தால் பொருந்தாது. வாங்கப் போகும்போது ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டு போங்கள். பொருந்தாத ஃபோமை இழுத்து நீட்டிப் பொருத்தினால், சில மாதத்தில் அது பழைய அளவுக்குச் சுருங்கி மூலையில் விரலளவு ஓட்டை விடும்.

ஃபில்லருக்குப் பதில் மெத்தை ஸ்பாஞ்சு

தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் கொட்டினால் அந்த ஃபோம் வேண்டாம்.

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான்

அதிலிருந்து வரும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

ஸ்ப்ரே ஃபோம்

வெயிலில் மஞ்சளாகிப் பொடிந்து உதிரும்.

எலிக்கும் ஃபோம் போதும் என்பது

போதாது. எலியும் அணிலும் ஃபோமைக் கடித்துவிடும். தோப்பு, தானியக் கிடங்கு பக்கம் என்றால் ஃபோமுக்கு உள்பக்கம் ஜி.ஐ. வலை ஒன்றையும் மடித்து வையுங்கள். அதோடு, எல்லா வாயையும் அடைத்த பிறகு சூடு வெளியேற இடம் வேண்டும். பக்கச் சுவரில் வலையடித்த காற்றுத் திறப்பு விட்டிருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

மேலிருந்து தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

மேலிருந்து ஊற்றினால் எந்த வேலையும் பாஸாகிவிடும். ஹோஸைத் தாழ்வான பக்கத்திலிருந்து, பள்ளம் வழியாக மேல்நோக்கி, தகட்டின் விளிம்பைப் பார்த்து அடியுங்கள். பத்து நிமிஷமாவது அடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு சுவரோரம் நின்று, ஒவ்வொரு பள்ளத்துக்கு நேராகவும் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வரட்டும். ஈரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரியும்.