ராத்திரி வாளியில் ஊற வைத்த துணிக்கு விடிவதற்குள் என்ன ஆகிறது?

ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய கையோடு, அன்றைய துணியை எல்லாம் ஒரே வாளியில் போட்டு, சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றி, காலையில் துவைக்கலாம் என்று விட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். நேரம் ஆக ஆக அழுக்கு நன்றாக விடும் என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி. சோப்புத்தண்ணீர் துணிக்குள் இறங்கி, எண்ணெயையும் வியர்வையையும் பிரித்தெடுக்கும் வேலையில் பெரும்பங்கு முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். என்சைம் கலந்த தூளாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அதற்குப் பிறகு சோப்பின் சக்தி குறைந்துபோய், பிரிந்து வந்த அழுக்கு தண்ணீரிலேயே சுற்றிக்கொண்டிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துணியிலேயே திரும்பப் படியும். எவ்வளவு துவைத்தாலும் வெள்ளைத்துணி ஒரு மாதிரி சாம்பல் நிறமாகவே இருக்கிறதென்றால் இதுவும் ஒரு காரணம்.

அதாவது எட்டு மணி நேர ஊறலில் துணிக்கு நல்லது நடப்பது முதல் கொஞ்ச நேரம்தான். மீதி நேரத்தில் என்ன நடக்கும் என்பது துணிக்குத் துணி மாறும். ஒரு சாதாரண வாளியை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு வெள்ளைப் பள்ளிச் சட்டை, காட்டன் வேட்டி, மெரூன் நிற உள்பாவாடை, ரேயான் குர்த்தி, கொக்கி வைத்த ஜாக்கெட், ஒரு துண்டு. இரவு பத்து மணிக்கு ஊற வைத்து, காலை ஆறு மணிக்கு எடுக்கிறார்கள்.

முதலில் வேலையைக் காட்டுவது உள்பாவாடை. விலை குறைந்த காட்டன் பாவாடைகளில் சாயம் நூலோடு உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை, லேசாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நல்ல சாயம் போட்ட துணியில்கூட, சாயப்பட்டறையில் சரியாக அலசாமல் விட்டால், பிணையாத மிச்சச் சாயம் இழைக்குள் தங்கியிருக்கும். அது தண்ணீரில் கரைந்து வெளியே வரும். வந்த சாயம் சும்மா இருக்காது, தனக்குப் பிடித்த வேறொரு இழையைத் தேடிப் போய் ஒட்டும். பருத்திச் சாயத்துக்குப் பிடித்தது இன்னொரு பருத்திதான். பத்து நிமிடத்தில் துவைத்து எடுத்திருந்தால் தண்ணீர் மட்டும்தான் சிவந்திருக்கும். எட்டு மணி நேரம் கொடுத்தால் அந்தச் சாயம் வேட்டிக்குள் நிதானமாக இறங்கிவிடும்.

காலையில் வாளியைப் பார்த்தாலே இது தெரியும். வேட்டியும் துண்டும் நன்றாக ரோஸ் ஏறியிருக்கும். பள்ளிச் சட்டை பாலியஸ்டர் கலந்தது என்பதால் வெளிறிய ரோஸாக இருக்கும், ஏனென்றால் அதிலிருக்கும் பருத்தி மட்டும்தான் சாயத்தை வாங்கியிருக்கிறது. தையல் நூல் முழு பாலியஸ்டராக இருந்தால் அது மட்டும் வெள்ளையாகவே நிற்கும். ஒரு துணியில் தையல் வெள்ளையாகவும் மற்ற இடம் நிறம் மாறியும் இருந்தால், சாயம் வெளியிலிருந்து வந்தது என்று சந்தேகமே இல்லாமல் சொல்லலாம். துணி ஒன்றன்மேல் ஒன்று அழுந்திக் கிடந்த இடங்களில் திட்டுத்திட்டாகவும் ஏறியிருக்கும். அதனால்தான் நெருக்கி அடைத்த வாளி இன்னும் மோசம்.

இங்கே கல் உப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதுத்துணியை உப்புத்தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று பலரும் நம்புகிறார்கள். சாயப்பட்டறைகளில் உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அங்கே அது சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணியை நோக்கித் தள்ளுவதற்கு. சாயத்தை இழையோடு பிணைக்கும் வேலை அதனுடையதல்ல. வீட்டு வாளியில் உப்பு போட்டால், தண்ணீரில் இருக்கும்வரை சாயம் குறைவாகக் கரையும். அடுத்த முறை உப்பில்லாமல் நனைத்ததும் பழையபடி போகும். அந்த உப்புத்தண்ணீரில் ஒரு வெள்ளைத்துணியும் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம், கரைந்து வந்த சாயத்தை அந்த வெள்ளைக்குள் தள்ளிவிடுவதும் இதே உப்புதான். புதிய காட்டன் துணிக்கு நான் சொல்வது நேர் எதிர்: தனியாக, வெறும் தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். மிச்சச் சாயம் வெளியேறினால்தான் தொல்லை தீரும்.

சாயம் போகுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது சுலபம். வெள்ளைக் கைக்குட்டையைச் சோப்புத்தண்ணீரில் நனைத்து, துணியின் உள்பக்கத் தையலில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து எடுத்தால் போதும். கைக்குட்டையில் நிறம் வந்தால் அது வேறு எதனோடும் ஊறக் கூடாத துணி. சுங்குடிப் புடவை, கறுப்பு, கரு நீலம், மெரூன், பச்சை நிறக் காட்டன்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

சரி, சாயம் ஒட்டிவிட்டது, இப்போது என்ன செய்வது? காய வைக்காதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். ஈரம் காய்ந்துவிட்டால் எடுப்பது ரொம்பக் கடினம். வெள்ளைத்துணிகளை மட்டும் தனியே எடுத்து உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஆக்சிஜன் பிளீச் என்று கடையில் விற்கும் தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற வையுங்கள். புதுக்கறை என்றால் பெரும்பாலும் மங்கிவிடும். வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் போன்ற நிறத்துணியில் ஏறிய சாயத்துக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைக்காது.

அடுத்தது நாற்றமும் பூசணமும். நம் ஊர் வெப்பத்தில், வியர்வையும் தோல் துகளும் கரைந்த அந்தத் தண்ணீர் பாக்டீரியாவுக்கு நல்ல விருந்து. காலையில் வாளியைத் திறந்ததும் வரும் புளித்த வாடை அதனுடையது. துவைத்துக் காய்ந்த துணியைப் போட்டுக்கொண்டு வியர்த்தவுடன் அதே வாடை திரும்ப வந்தால், கிருமி இழையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். துண்டிலும் பனியனிலும் இது அதிகம் நடக்கும்.

பூசணம் வேறு விஷயம். அதற்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அதனால் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கிய துணியில் அது வளராது. வாளிக்கு வெளியே தலைநீட்டிக் கிடக்கும் முந்தானை, வேட்டியின் ஓரம், காலையில் பிழிந்து போட்டுவிட்டு உலர்த்த மறந்து போன துணிக்குவியல், இவைதான் அதற்கு இடம். கஞ்சி போட்ட காட்டன் என்றால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், கஞ்சி அதற்குச் சாப்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ராத்திரி ஊற வைத்து, காலையில் துவைத்து, வெயில் இல்லாமல் இரண்டு நாள் காயாமல் கிடந்தால் கரும்புள்ளி நிச்சயம். அந்தப் புள்ளிகள் போகாமல் இருப்பதற்குக் காரணம், பூசணத்தின் நிறம் இழைக்குள்ளேயே ஊறிவிடுவது. பூசணம் பருத்தியையே தின்னும் என்பதால், புள்ளி விழுந்த இடம் நாளடைவில் நைந்து ஓட்டை விழும். பாலியஸ்டரை அதனால் தின்ன முடியாது, துணியில் படிந்த அழுக்கில்தான் வளரும்.

இப்போது அந்த ரேயான் குர்த்தி. பார்க்கக் காட்டன் மாதிரியே இருப்பதால் பலரும் அதைக் காட்டன் போலவே நடத்துகிறார்கள். இரண்டும் தண்ணீரில் நேர் எதிராக நடந்துகொள்ளும். பருத்தி நனைந்தால் வலு கூடும், கல்லில் அடித்துத் துவைத்தாலும் தாங்குவது அதனால்தான். ரேயான் நனைந்தால் வலுவில் ஏறக்குறைய பாதியை இழக்கும், இழை தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். ஊறியதால் மட்டும் அது கிழிவதில்லை. முழுக்க ஊறி ஊதிப்போன அந்த நிலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, முறுக்கிப் பிழிவதால்தான் தையலோரம் விட்டுக்கொடுக்கும், கீழ் ஓரம் கோணலாக இழுபடும். ரேயான் நைட்டியும் குர்த்தியும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டியதே இல்லை. கசக்கி அலசி, முறுக்காமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் போடுங்கள்.

பட்டையும் கம்பளியையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவை சோப்புத்தூள் வாளிக்கே வரக் கூடாது. இரண்டும் புரத இழைகள். தூளின் காரம் அவற்றைக் கரகரப்பாக்கும். கறையில் உள்ள புரதத்தைச் சிதைக்கச் சேர்த்த என்சைம் இழையையும் விட்டுவைக்காது. பட்டின் சாயமும் காரத்தில் எளிதாகக் கழலும், ஜரிகையும் கறுக்கும்.

கடைசியாக அந்த ஜாக்கெட். அதன் கொக்கி துரு ஏறும் இரும்பாக இருந்தால், ஒரே ராத்திரியில் அதைச் சுற்றிக் காவி நிறப் புள்ளி விழும். பக்கத்தில் கிடந்த வேட்டியிலும் பதியும். வெள்ளைக் காட்டனில் விழுந்த துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து அலசினால் போகும். தப்பித் தவறியும் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், அது துருவை இன்னும் ஆழமாக நிலைக்க வைத்துவிடும்.

காலை வேலை குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஊறலே என்றால், ராத்திரி துணியை உலர்ந்தபடியே நிறவாரியாகப் பிரித்து வையுங்கள். காலர், கைப்பட்டி, வேட்டி ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் சோப்புக்கட்டியைத் தேய்த்து விடுங்கள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஊற வைத்தால், காபி குடித்து, சமையலைத் தொடங்குவதற்குள் துணி துவைக்கத் தயாராக இருக்கும். அப்படியும் ராத்திரியே ஊற வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதைத் தாங்கக்கூடியது வெள்ளை நிற, கஞ்சி போடாத, கொக்கி இல்லாத முழுக் காட்டன் மட்டும்தான். அதுவும் முழுக்க மூழ்கி இருக்க வேண்டும், விடிந்ததும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் துவைக்க வேண்டும். அடுப்படிக் கரித்துணியை இதனோடு சேர்க்காதீர்கள். அதற்கு ராத்திரி ஊறலைவிடச் சோப்பு போட்ட சுடுதண்ணீரில் அரை மணி நேரம் நல்ல பலன் தரும்.